உறிஞ்சுகுழிக்கு எவ்வளவு சுவர் வேண்டும்?

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி என்றாலே நம் ஊர்களில் பெரும்பாலும் இந்த அளவில்தான் வெட்டுகிறார்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் இதே குழி. செம்மண் ஆனாலும் கரிசல் ஆனாலும் இதே குழி. மணற்பாங்கான இடத்தில் அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. களிப்பான இடத்தில் அடுத்த மழைக்காலத்துக்குள் பொங்கி, வாசலில் கொசுக் குட்டையாக நிற்கிறது. கட்டியவர் மீது குறை சொல்கிறோம், அல்லது குழி சின்னது என்று இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துகிறோம். குழியை எந்தக் கணக்கில் வெட்டினோம் என்று மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குழி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று பார்ப்பதுதான் அடிப்படைக் கோளாறு. அந்த மூன்றடிக் குழி காலியாக இருந்தால் ஏறத்தாழ 765 லிட்டர் பிடிக்கும். கல் நிரப்பிவிட்டால் கல்லுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் 300 லிட்டர் போல நிற்கும். கேட்க நிறைய என்றுதான் தோன்றும். ஆனால் இன்று வந்த நீர் நாளைக்குள் மண்ணுக்குள் போகாவிட்டால், எவ்வளவு பெரிய குழியும் சில நாளில் நிரம்பத்தான் செய்யும். ஆகவே ஒரு நாளில் எத்தனை லிட்டர் நீர் மண்ணுக்குள் இறங்கும் என்பதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, நீர் தொட்டுக்கொண்டிருக்கும் மண் சுவரின் பரப்பு. இன்னொன்று, ஒரு சதுர மீட்டர் சுவர் ஒரு நாளில் எவ்வளவு நீரை ஏற்றுக்கொள்ளும் என்பது.

சுவர் என்றுதான் சொல்கிறேன், அடித்தளத்தைச் சேர்க்கவில்லை. சோறு, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்புக் கசடு எல்லாம் முதலில் அடியில்தான் போய்ப் படியும். சில மாதங்களில் அடித்தளம் அடைத்துக்கொள்ளும். செப்டிக் டேங்க் நீரை மண்ணில் இறக்குவதற்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 2470, உறிஞ்சுகுழியின் அளவைக் கணக்கிட நீர் வந்து விழும் குழாய்க்குக் கீழே உள்ள பக்கச் சுவரை மட்டுமே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. குழாய்க்குக் கீழே என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மூன்றடிக் குழியில் தரைக்கு ஓரடி கீழே குழாய் நுழைகிறது என்றால், மேல் ஓரடிச் சுவர் எதற்கும் உதவாது. மீதி இரண்டடிச் சுவரின் பரப்பு நான்கு பக்கமும் சேர்த்து 2.2 சதுர மீட்டர்தான்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். செம்மண் பூமி, ஐந்து பேர் குடும்பம், குழாய் இணைப்பு இருக்கிறது. கிராமப்புறக் குடிநீர்த் திட்டங்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்துத் தீட்டப்படுகின்றன. ஐந்து பேருக்கு 275 லிட்டர். இதில் கழிப்பறைக்குப் போவது தனி. அதை இந்தக் குழியோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. குடித்தது, வாசல் தெளித்தது, செடிக்கு ஊற்றியது போக, குளியல், துவையல், பாத்திரம் கழுவுவது மூன்றும் சேர்த்து 180 லிட்டர் என்று வைப்போம். சொந்த ஆழ்துளைக் கிணறும் வாஷிங் மெஷினும் உள்ள வீட்டில் இது இரண்டு மடங்காகக்கூட ஆகலாம். அதனால் யார் வீட்டுக் கணக்கை அவரவர்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் குளியலறைக்கும் சமையலறைக்கும் போகும் வாளிகளை எண்ணினால் போதும்.

அடுத்தது மண். இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு கடப்பாரை, ஒரு ஸ்கேல், கைக்கடிகாரம், நாலைந்து வாளித் தண்ணீர் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். குழி வெட்டப்போகும் இடத்தில், பாதி ஆழம் வரை இறங்கி, அங்கே ஓரடிக்கும் குறைவான அகலத்தில் ஒரு சிறு குழி எடுக்க வேண்டும். கடப்பாரை பட்டு வழவழத்துப் போன பக்கங்களைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளி, அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சிறு ஜல்லி போட வேண்டும். பிறகு ஓரடி உயரத்துக்கு நீர் ஊற்றி, குறையக் குறைய நிரப்பி, ஓர் இரவு ஊற விட வேண்டும்.

இந்த ஊறலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த மண்ணில் ஊற்றிய முதல் வாளி கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். "நம்ம மண்ணு நல்லா இழுக்குது" என்று மகிழ்ந்து சின்னக் குழியாகப் போட்டுவிடுவார்கள். களி கலந்த மண் ஈரம் பட்டால் உப்பும். உப்பிய பிறகுதான் அதன் உண்மையான வேகம் தெரியும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் ஊறப் போடாமல் சோதித்தால், நீர் வெடிப்பு வழியாக ஓடுவதைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

மறுநாள் காலை ஜல்லிக்கு மேல் ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் நீர் நிறுத்தி, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இறங்கியதும் மறுபடி ஆறு அங்குலத்துக்கு நிரப்பி, மறுபடி அரை மணி. நான்கைந்து முறை செய்தால் கடைசி இரண்டு அளவுகள் ஒன்றுபோல வரும். மணலாக இருந்தால் அரை மணிக்குள் வற்றிவிடும். அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கடைசி அளவிலிருந்து, ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுகிறோம். நம் செம்மண் வீட்டில் அரை மணியில் 5 சென்டிமீட்டர் இறங்கியது என்று கொள்வோம். அப்படியானால் அங்குலத்துக்கு 15 நிமிடம்.

இந்த முறையை 1920களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சுகாதாரப் பொறியாளராக இருந்த ஹென்றி ரையன் உருவாக்கினார். அவர் செய்த காரியம் அழகானது. ஏற்கெனவே பல வருடம் ஓடிக் களைத்து, நின்றுவிடும் நிலையில் இருந்த கழிவுநீர் அமைப்புகளைத் தேடிப் போனார். அவற்றின் பக்கத்திலேயே குழி எடுத்து, நல்ல தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கும் நேரத்தை அளந்தார். அந்த மண் இத்தனை வருடம் எவ்வளவு கழிவுநீரைத் தாங்கியது என்பதையும் அந்த நிமிடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த வழியில் பிறந்த சூத்திரம்தான் அளவு மாற்றப்பட்டு நம் இந்தியத் தரத்திலும் இருக்கிறது:

Q = 204 / √t

இதில் t என்பது அங்குலத்துக்கு ஆகும் நிமிடம். Q என்பது ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஒரு நாளைக்கு இறக்கலாம் என்று அனுமதிக்கும் லிட்டர். 15 நிமிட மண்ணுக்கு 53 லிட்டர் வருகிறது. 5 நிமிட மண்ணுக்கு 91 லிட்டர், 30 நிமிட மண்ணுக்கு 37. முப்பது நிமிடத்தைத் தாண்டினால் உறிஞ்சுகுழியே வேண்டாம் என்கிறது தரம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஓர் அங்குலம் என்றால் மணிக்கு 10 சென்டிமீட்டர். நாள் முழுக்க அப்படியே இறங்கினால் 2.4 மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 2,400 லிட்டர்! சோதனைக் குழியில் பக்கங்களிலும் நீர் கசிவதால் இது சற்றே மிகையான எண்தான். ஆனாலும் 2,400 எங்கே, 53 எங்கே? நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான் மண்ணை நம்பி விடச் சொல்கிறார்கள்.

காரணம், சோதனையில் ஊற்றியது நல்ல தண்ணீர். குழிக்கு வருவது அழுக்கு நீர். சோப்பும் எண்ணெயும் உணவுத் துணுக்கும் கலந்த நீர் மண் சுவரைத் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, ஒரு வழவழப்பான பாசிப் படலத்தை உண்டாக்குகின்றன. கறுத்து, நாற்றமெடுத்து, சில மில்லிமீட்டர் முதல் ஓர் அங்குலம் வரை மண்ணுக்குள் ஊடுருவி நிற்கும் அந்தப் படலம்தான் நீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்று பிறகு தீர்மானிக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் மண் எவ்வளவு இழுத்தாலும், படலத்தைத் தாண்டி வருவதைத்தான் இழுக்க முடியும். குழி வெட்டிய முதல் ஆறு மாதம் எல்லாக் குழியும் அருமையாக வேலை செய்வது இதனால்தான். படலம் இன்னும் முற்றவில்லை.

அந்த 53 லிட்டரும் செப்டிக் டேங்கில் தங்கித் தெளிந்து வரும் நீருக்கான கணக்கு. சமையலறையிலிருந்து நேரே வரும் நீருக்கு நான் அதைப் பயன்படுத்தமாட்டேன். இரட்டைக் குழிக் கழிப்பறைகளுக்கு நம் நாட்டில் வழங்கும் நீண்டகால அளவுகள் இன்னும் நிதானமானவை: மணலுக்கு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர், மணல் கலந்த வண்டலுக்கு 30, சற்று இறுகிய ஆனால் துளைகள் உள்ள மண்ணுக்கு 20, இறுகிய களிக்கு 10. நம் செம்மண்ணுக்கு 30 என்று கொள்வது பாதுகாப்பு. 180 லிட்டரை முப்பதால் வகுத்தால் 6 சதுர மீட்டர் சுவர் வேண்டும். மூன்றடிக் குழி தருவது 2.2. அதாவது அந்தக் குழி நாளுக்கு 66 லிட்டர் நீரைத்தான் வெகுநாள் தாங்கும்.

ஆறு சதுர மீட்டர் சுவரை எப்படிக் கொண்டுவருவது? அகலப்படுத்துவதுதான் முதலில் தோன்றும், ஆனால் அது வீண் செலவு. ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வட்டக் குழியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் சுவர் இரண்டு மடங்காகிறது, வெட்டும் மண்ணோ நான்கு மடங்காகிறது. ஆழத்தை இரட்டிப்பாக்கினால் சுவரும் இரண்டு மடங்கு, மண்ணும் இரண்டே மடங்கு. ஆழப்படுத்த முடியாத இடத்தில் ஒன்றுக்கு இரண்டு குழி, அல்லது ஒன்றரை அடி அகலத்தில் நீளமான வாய்க்கால் போல வெட்டுவது நல்லது.

நம் வீட்டுக்கு நான்கடி விட்டம், அதாவது 1.2 மீட்டர்; குழாய்க்குக் கீழே ஐந்தேகால் அடி, அதாவது 1.6 மீட்டர். இது 6 சதுர மீட்டர் சுவர் தரும். இதற்குள் மூன்றடி சிமெண்ட் உறைகளை, துளையிட்டதாக ஐந்தும் துளையில்லாததாக மேலே ஒன்றும் இறக்கி, உறைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜல்லி போட்டு, மேலே மூடி வைத்துவிடலாம். கல் நிரப்பிய குழியும் வேலை செய்யும்; சுவர்ப் பரப்பு அதேதான். ஆனால் உறை இறக்கிய குழியில் உள்ளே ஆயிரம் லிட்டருக்கு இடம் இருப்பதால், விருந்தினர் வரும் நாளும் போர்வை துவைக்கும் நாளும் சமாளிக்கும். திறந்து பார்க்கவும் வசதி. கல் குழியாக இருந்தால் நடுவில் ஒரு நாலங்குல பிவிசி குழாயை அடிவரை செங்குத்தாக நிறுத்தி மூடி போட்டுவிடுங்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெட்டும்போது ஒன்றே ஒன்று. ஈர மண்ணில், அதுவும் களி கலந்த மண்ணில், மண்வெட்டியோ ஜேசிபி வாளியோ சுவரை மெழுகியது போல இழுத்துவிடும். அந்த மெழுகல் துளைகளை அடைத்துவிடுகிறது. உறை இறக்குவதற்கு முன் சுவர் முழுவதையும் கொத்திச் சொரசொரப்பாக்கி, விழுந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். மழை நாளில் வெட்டாமல் இருப்பது அதைவிட நல்லது.

குழியின் ஆயுள் உண்மையில் அதற்கு முன்னால் இருக்கும் சின்னத் தொட்டியில் இருக்கிறது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், நீர் நிற்க ஒன்றரை அடி ஆழம் இருந்தால் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். நீர் அங்கே சற்று நின்று போக வேண்டும். மண்ணும் சோறும் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். வெளியேறும் குழாயில் ஒரு 'டி' வைத்து, அதன் கால் நீருக்குள் முக்கால் அடி இறங்கியிருந்தால் நடுவில் உள்ள தெளிந்த நீர் மட்டும் போகும். வாரம் ஒருமுறை மேலே மிதக்கும் பிசுக்கை வழித்து, அடிக் கசடை அள்ள வேண்டும். குழியின் வாயில் ஓட்டை போட்ட மண்பானையில் தேங்காய் நார் வைக்கும் பழக்கமும் நல்லதுதான். ஆனால் அந்த நாரை மாற்றாமல் விட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

மழைநீரை இந்தக் குழியில் விடவே கூடாது. ஐம்பது சதுர மீட்டர் கூரையில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். ஐந்தாறு நாள் கழிவுநீர் ஒரு மணி நேரத்தில் வந்து விழுந்த மாதிரி. நிலத்தடி நீர்மட்டத்தையும் கோடையில் பார்த்து ஏமாறக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் பக்கத்துக் கிணற்றில் நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குழியின் அடிக்கும் அந்த மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் காய்ந்த மண் இருக்க வேண்டும். அழுக்கு வடிகட்டப்படுவது அந்த மண்ணில்தான். நம் குழி தரையிலிருந்து ஆறடிக்கு மேல் இறங்குகிறது என்பதால், மழைக்காலக் கிணற்று நீர் பதின்மூன்று அடிக்குக் கீழே இருந்தால்தான் இந்த அளவு சரி. குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது அறுபது அடி தள்ளி வைப்பது செப்டிக் டேங்க் நீருக்கான விதி. இடமிருந்தால் இதற்கும் அதையே கடைப்பிடிக்கலாம்.

கரிசலிலும் டெல்டா மாவட்டங்களின் இறுகிய களியிலும் என்ன செய்வது? சதுர மீட்டருக்கு 10 லிட்டர் என்றால் அதே குடும்பத்துக்கு 18 சதுர மீட்டர் சுவர் வேண்டும். நாம் வெட்டிய குழி போல மூன்று. கூடவே சோப்புத்தூளில் உள்ள சோடியம் களித் துகள்களைப் பிரித்துவிடுவதால் அந்தப் பத்தும் நாளடைவில் குறையும். அங்கே நீரை ஆழத்தில் இறக்குவதைவிட மேலாகப் பரப்பி, வாழை, கல்வாழை, சேம்பு போன்ற செடிகளைக் குடிக்க விடுவதே முறை. அதற்கும் கணக்கு உண்டு. வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பசுமை 5 லிட்டர் போல நீரை ஆவியாக விடும். 180 லிட்டருக்கு 36 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ நானூறு சதுர அடிப் பாத்தி. நான்கு வாழைக் கன்று நட்டுவிட்டு முழுக் குடும்பத்தின் நீரையும் அதில் திருப்புவது போதாது என்பது இதிலிருந்து தெரியும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாத்தியும் உதவாது. அப்படிப்பட்ட தெருவுக்கு ஊராட்சி கட்டும் பொது வடிகால்தான் தீர்வு. அதைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

குழி வேலை செய்கிறதா என்று அது வழிந்த பிறகுதான் தெரிய வேண்டும் என்பதில்லை. உள்ளே நீர் நிற்பதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். நீர் நிற்பது இயல்பு. அடிப் பகுதிச் சுவரில் படலம் முற்றும்போது, நீர் மேலே ஏறி புதுச் சுவரைத் தேடிக்கொள்கிறது. எந்த உயரத்தில் நீர் நிலையாக நிற்கிறதோ, அதுவரை சுவர் பயன்பாட்டில் இருக்கிறது, அதற்கு மேல் உள்ளது இன்னும் மிச்சம். மாதம் ஒருமுறை விடியற்காலையில், யாரும் தண்ணீர் புழங்குவதற்கு முன், ஒரு கம்பை விட்டு நீர்மட்டத்தை அளந்து சுவரில் குறித்து வையுங்கள். கல் குழியில் அந்த பிவிசி குழாய் இதற்குத்தான். மட்டம் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தால், குழாய் வாயைத் தொடும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரவு படுக்கும் முன்னும் காலையிலும் அளந்தால் வேகமும் தெரியும். நம் குழியில் மூன்றடிக்கு நீர் நிற்கும்போது, பத்து மணி நேர இரவில் இரண்டு அங்குலம் போல இறங்க வேண்டும். அரை அங்குலம்தான் இறங்குகிறது என்றால் படலம் தடித்துவிட்டது.

அப்போது ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ ஊற்றுவது வீண். மண்ணுக்குள் ஊடுருவியிருக்கும் படலத்தை அது போய்ச் சேராது; நிலத்தடி நீருக்குத்தான் கேடு. படலத்துக்கு மருந்து காற்றும் பட்டினியும். நீரை நிறுத்திவிட்டால், சுவர் காய்ந்து மண் துளைகளில் காற்றுப் புக, அந்த நுண்ணுயிர்களே படலத்தைத் தின்று தீர்த்துவிடும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். ஆகவே இடமும் பணமும் இருக்கிறவர்கள் ஒரு பெரிய குழிக்குப் பதில் இரண்டு குழி வெட்டி, நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, ஆறு மாதம் ஒன்றுக்கும் ஆறு மாதம் மற்றொன்றுக்கும் நீரைத் திருப்புவதையே நான் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு குழியும் முழுக் குடும்பத்தின் நீரையும் தனியாகத் தாங்கும் அளவில், ஆறு ஆறு சதுர மீட்டராக இருக்க வேண்டும். இப்போது ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், தொட்டியில் இரண்டாவது குழிக்கான குழாயை இப்போதே பொருத்தி அடைத்து வைத்துவிட்டு, அதற்கான இடத்தில் சிமெண்ட் தளம் போடாமல் விட்டுவைத்தால் போதும்.